ஜிக்பீயும் வைஃபையும் ஒரே வீட்டில்: கோஆர்டினேட்டரை எங்கே வைப்பது, எந்தச் சேனலைத் தேர்வது

கேற் திறந்தால் போனுக்குச் செய்தி வரவேண்டும். பகலில் ஒழுங்காக வருகிறது. இரவு ஏழு மணிக்குப் பிறகு பத்து நிமிடம் பிந்தி வருகிறது, சில நாளில் வருவதே இல்லை. சென்சரின் பற்றரியை மாற்றியும் பலனில்லை. இப்படி ஒரு வீட்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் கேற் அல்ல, ஹோலில் வைஃபை ரவுட்டர் இருக்கும் தட்டு. ஜிக்பீ கோஆர்டினேட்டர் அந்த ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கோஆர்டினேட்டர் என்பது உங்கள் ஜிக்பீ வலைக்குத் தலை. சின்னக் கணினியில் செருகும் யுஎஸ்பி டொங்கிளாக அது இருக்கலாம், லான் கேபிளில் இணையும் தனிப் பெட்டியாகவும் இருக்கலாம். கதவு சென்சர், வெப்பநிலை சென்சர் எல்லாம் நேரடியாகவோ, வழியில் உள்ள ஸ்மார்ட் பிளக், பல்ப் போன்றவற்றின் மூலமாகவோ அதனிடம்தான் வந்து சேருகின்றன. எந்நேரமும் கறண்டில் இருந்துகொண்டு மற்றவற்றின் செய்தியைக் கைமாற்றிக் கொடுக்கும் பிளக், பல்ப் ஆகியவற்றை ஜிக்பீ உலகிலும் ரவுட்டர் என்றே சொல்வார்கள். இங்கே குழப்பம் வராமலிருக்க அவற்றை இடைக்கருவி என்று அழைப்போம். ரவுட்டர் என்றால் வைஃபை ரவுட்டர் மட்டுமே.

ஜிக்பீயும் 2.4 கிகா ஹேர்ட்ஸ் வைஃபையும் ஒரே பட்டையில் பேசுபவை. ஆனால் அவற்றின் பலம் சமமானதல்ல. ரவுட்டர் ஏறத்தாழ 100 மில்லிவாட் வரை அனுப்புகிறது. காசு வடிவப் பற்றரியில் ஓடும் சென்சர் சில மில்லிவாட்டுக்கு மேல் போவதில்லை. அதுவும் இரண்டு கல்சுவரைத் தாண்டித்தான் வருகிறது. கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் பெட்டிக்கு அடியில் ஒருவர் நிற்கிறார், வளவின் கோடியில் நிற்கும் பிள்ளை அவரிடம் ஏதோ மெல்லச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் குரலில் குறையில்லை. கேட்பவர் நிற்கும் இடம்தான் பிழை.

இதைக் கவனித்தால் இன்னொன்றும் தெளியும். இந்தத் தொல்லைக்கு மருந்தாக டொங்கிளின் அனுப்பும் பலத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். ஸ்பீக்கர் அடியில் நிற்பவர் உரக்கக் கத்தினால் பிள்ளைக்குக் கேட்கும். பிள்ளை சொல்வது அவருக்குக் கேட்காது. சென்சரிலிருந்து வரும் செய்திதான் நமக்கு முக்கியம், ஆகவே கூட்டிய பலம் அங்கே உதவுவதில்லை.

முதலில் தூரம்

"சேனலை மாற்றினால் சரியாகிவிடும்" என்று பலரும் சொல்வார்கள். சேனல் முக்கியம்தான், ஆனால் அது இரண்டாவது வேலை. வைஃபை தனக்கான சேனலுக்குள் கத்தி வெட்டியதுபோல் நின்றுவிடுவதில்லை. சேனலின் விளிம்புக்கு வெளியேயும் அதன் சக்தி கசிகிறது. தள்ளிப் போகப் போகக் குறைகிறதே தவிர ஒரேயடியாக அறுந்துவிடுவதில்லை. ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கோஆர்டினேட்டருக்கு அந்தக் கசிவே சென்சரின் குரலைவிட உரக்கக் கேட்கும்.

தூரம் தரும் பலன் பெரிது. தடையற்ற வெளியில் தூரம் பத்து மடங்கு கூடினால் வந்து சேரும் சக்தி நூறில் ஒரு பங்காகிறது. ரவுட்டரிலிருந்து 30 சென்ரிமீற்றரில் இருந்த டொங்கிளை 3 மீற்றருக்குத் தள்ளினால், ரவுட்டரின் இரைச்சல் அந்த ஒரே அசைவில் நூறில் ஒன்றாக இறங்கிவிடும். சென்சர் பக்கமோ 8 மீற்றர் இருந்த தூரம் 9 ஆகலாம், அல்லது 7 ஆகலாம். அதில் பெரிய மாற்றம் இராது. இழப்பில்லாத பேரம் இது. ஒரு மீற்றராவது இடைவெளி விடுங்கள், இடம் கிடைத்தால் மூன்று மீற்றர் விடுங்கள்.

ரவுட்டர் அளவுக்குக் கெடுதல் செய்யும் மற்றொன்று கணினியின் நீல நிற யுஎஸ்பி துவாரம், அதாவது யுஎஸ்பி 3. அதன் தரவு ஓடும் வேகத்தால் 2.4 கிகா ஹேர்ட்ஸ் பகுதி முழுவதிலும் பரவலான இரைச்சல் எழுகிறது. இன்ரெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து அறிக்கையாக வெளியிட்டது. நீலத் துவாரத்தில் எஸ்எஸ்டி ஓடிக்கொண்டிருக்க, அதற்கு அடுத்த துவாரத்தில் டொங்கிளைச் செருகினால், டொங்கிளின் அன்ரெனாவிலிருந்து ஓரிரு அங்குலத்திலேயே இரைச்சல் உற்பத்தியாகிறது. எந்த ஜிக்பீ சேனலுக்குப் போனாலும் அது விடாது, ஏனெனில் அது ஒரு சேனலில் இல்லை, பட்டை முழுவதிலும் இருக்கிறது. இதற்கு வேண்டியது கவசமுள்ள ஒரு யுஎஸ்பி 2 நீட்டிப்புக் கேபிள். ஒரு மீற்றர் போதும், ஒன்றரை மீற்றர் என்றால் இன்னும் நல்லது. கறுப்பு நிற யுஎஸ்பி 2 துவாரத்தில் அதைச் செருகி, மறு முனையில் டொங்கிளைத் தொங்கவிடாமல் சுவரில் நிமிர்த்திப் பொருத்துங்கள். ஜிக்பீக்குச் செலவழிக்கும் காசில் இந்தக் கேபிள் அளவுக்குப் பலன் தருவது வேறில்லை.

டொங்கிள் இன்னும் தூரம் போகவேண்டுமானால் யுஎஸ்பி கேபிளை நீட்டிக்கொண்டே போகாதீர்கள், 5 மீற்றருக்கு மேல் அது நம்பிக்கைக்குரியதல்ல. லான் கேபிளோ 100 மீற்றர் வரை தாராளமாகப் போகும். ஆகவே கணினியையே லான் கேபிளில் நகர்த்துவது சுகம். லானில் நேரடியாக இணையும் கோஆர்டினேட்டர் என்றால் அதை வீட்டின் நடுவில் எங்கும் வைக்கலாம்.

பிறகு சேனல்

2.4 கிகா ஹேர்ட்ஸ் பட்டையை 2400 தொடக்கம் 2483 வரையான ஒரு தெருவாக எண்ணிக்கொள்ளுங்கள். எண்கள் மெகா ஹேர்ட்ஸ். வைஃபை பெரிய லொறி, ஒரு சேனலில் 20 மெகா ஹேர்ட்ஸ் அகலம் எடுக்கும். ஜிக்பீ சைக்கிள், 2 மெகா ஹேர்ட்ஸ் போதும். வைஃபை சேனல் 1 நிற்பது 2402 முதல் 2422 வரை. சேனல் 6 நிற்பது 2427 முதல் 2447 வரை. சேனல் 11 நிற்பது 2452 முதல் 2472 வரை. லொறிகள் இந்த மூன்று இடங்களில் மட்டும் நின்றால் இடையில் சிறு சந்துகள் மிஞ்சும். ஜிக்பீ சேனல்கள் 11 முதல் 26 வரை எண்ணிடப்பட்டவை. ஒவ்வொன்றின் மையத்தையும் கண்டுபிடிக்கும் கணக்கு இது:

```
2405 + 5 × (சேனல் எண் − 11)
```

20ஆம் சேனலுக்கு இதைப் போட்டால் 2450 வரும். 6க்கும் 11க்கும் இடையிலுள்ள சந்து அது. 15க்குப் போட்டால் 2425, அது 1க்கும் 6க்கும் இடைச் சந்து. 25 என்றால் 2475, அதாவது 11ஐத் தாண்டிய ஓரம். இந்த மூன்றுமே எல்லோரும் பரிந்துரைப்பவை. 26ஆம் சேனல் இன்னும் ஒதுக்குப்புறமாக 2480இல் இருக்கிறது என்றாலும், பல சாதனங்கள் அதில் பலத்தைக் குறைத்தே அனுப்புகின்றன, சில அதில் சேருவதே இல்லை. அதைத் தவிர்ப்பது நல்லது.

ஒரு குழப்பம் எப்போதும் வரும்: ஜிக்பீ 11 வேறு, வைஃபை 11 வேறு. ஜிக்பீ 11 இருப்பது 2405இல், வைஃபை 1இன் மடியில். "ரவுட்டர் 1இல் இருக்கிறது, ஜிக்பீ 11இல் இருக்கிறது, தூரமாகத்தானே இருக்கிறது" என்று எண்ணுபவர் உண்மையில் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருக்கிறார்.

ரவுட்டரில் மாற்ற வேண்டியவை இரண்டு. 2.4 பட்டையின் அகலம் 40 என்றோ `20/40` என்றோ இருந்தால் 20 ஆக்குங்கள். 40இல் ஒரே ரவுட்டர் தெருவின் பாதியை அடைத்துவிடும். இடைச் சந்து ஒன்று அதற்குள் மறைந்துவிடும். அடுத்தது, சேனல் `Auto` என்றிருந்தால் ஒரு எண்ணில் நிலைப்படுத்துங்கள். கறண்ட் போய் வரும்போதெல்லாம் ரவுட்டர் தானாக வேறு சேனலுக்குத் தாவினால், நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த ஜிக்பீ சேனல் மறுநாள் அதன் சக்கரத்துக்குக் கீழே கிடக்கும். வேகம் வேண்டிய போன், ரீவியை 5 கிகா ஹேர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால் 2.4இல் நெரிசல் தானாகவே குறையும். மாலையில் மட்டும் தொல்லை வருவதன் காரணமும் இதுதான்: ரவுட்டர் பகலிலும் அங்கேதான் இருக்கிறது, ஆனால் எல்லோரும் வீடு திரும்பி வீடியோ பார்க்கத் தொடங்கும்போதுதான் அது ஓயாமல் பேசுகிறது.

காத்தான்குடியில் ஒரு வீடு

காத்தான்குடியில் வீடும் வீடும் சுவர் உரசி நிற்கும் ஓர் ஒழுங்கையில் இரண்டு மாடி வீடொன்றை வைத்துப் பார்ப்போம். ஹோலில் ரீவித் தட்டின்மேல் ரவுட்டர். அதற்குப் பக்கத்தில் சின்னக் கணினி, அதன் ஒரு நீலத் துவாரத்தில் எஸ்எஸ்டி, அடுத்ததில் ஜிக்பீ டொங்கிள். மென்பொருள் `Zigbee2MQTT`, நிறுவிய நாளில் இருந்த சேனல் 11 இன்னும் மாற்றப்படவில்லை. கேற்றில் ஒரு கதவு சென்சர், குசினியில் தண்ணீர்க் கசிவு சென்சர், மேல்மாடி அறையில் ஒரு வெப்பநிலை சென்சர், மொட்டைமாடித் தண்ணீர் டாங்கிக்குப் பக்கத்தில் இன்னொரு கசிவு சென்சர். இடைக்கருவியாக இரண்டு ஸ்மார்ட் பிளக்.

குற்றவாளி வைஃபைதானா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். தொல்லை தரும் மாலை நேரத்தில் ரவுட்டரின் 2.4 பட்டையைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, கேற்றை இருபது தடவை திறந்து மூடிப் பாருங்கள். கணினி லான் கேபிளில் இருப்பதால் பதிவு நிற்காது. இருபதும் பதிவாகிறது, திரும்ப வைஃபை வந்ததும் தவறுகிறது என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. நிறுத்தியும் தவறினால் யுஎஸ்பி 3, தூரம், பற்றரி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ரெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸ் சிப் உள்ள டொங்கிள் என்றால் பதிவேட்டிலும் தடயம் இருக்கும். பதிவேடு இருக்கும் கோப்புறைக்குள் போய் இதைத் தட்டினால், செய்தி தவறியதைச் சொல்லும் இருவகை வரிகளும் சேர்த்து எத்தனை என்று எண்ணித் தரும்:

```
grep -ciE "mac.no.ack|mac.channel.access" log.log
```

முதல் வகை வரியின் பொருள், அனுப்பிய செய்திக்கு எதிர்முனையிலிருந்து "கிடைத்தது" என்ற பதில் வரவில்லை என்பது. பற்றரி தீர்ந்தாலும், சாதனத்தைக் கழற்றியிருந்தாலும் இது வரும். இரண்டாவது வகை கூடுதலாகக் காட்டிக்கொடுக்கும். ஜிக்பீ பேசுவதற்குமுன் காற்று அமைதியாக இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கும். சத்தம் இருந்தால் சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்கும். சில தடவைக்குப் பிறகும் இடம் கிடைக்காவிட்டால் கைவிட்டுவிடும். அப்படிக் கைவிட்டதன் பதிவுதான் அது. டொங்கிளைச் சுற்றிக் காற்று நெரிசலாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி இல்லை.

திரையில் தெரியும் `LQI` எண்ணை இந்த விடயத்தில் அதிகம் நம்பாதீர்கள். வந்து சேர்ந்த செய்தியின் தரத்தைத்தான் அது சொல்லும். வராமலே போனவை அந்தக் கணக்கில் இல்லை. எண் உயரமாக இருக்கும்போதே பாதிச் செய்தி தொலைந்திருக்கலாம்.

இனி அக்கம்பக்கம். அன்ட்ரொயிட் போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைத் திறந்து, டொங்கிளை வைக்கப்போகும் இடத்தில் நின்று பாருங்கள். பலம் `dBm` என்று கழித்தல் எண்ணில் வரும். -60ஐவிட -80 பலவீனம். இந்த வீட்டில் தெரிவது இது: சொந்த ரவுட்டர் சேனல் 1இல், அகலம் 40, அதாவது 2402 முதல் 2442 வரை. இடப்பக்க வீடு சேனல் 6இல் -62. எதிர் வீடு சேனல் 11இல் -78. மற்றவை எல்லாம் -85க்குக் கீழே, அவற்றை விட்டுவிடலாம்.

ஜிக்பீ 11 ஏன் திணறியது என்பது இப்போது தெரிகிறது: 2405 என்பது சொந்த ரவுட்டரின் அகலத்துக்குள். ரவுட்டரை 1இலேயே வைத்து அகலத்தை 20 ஆக்கினால் அது 2422இல் நின்றுவிடும். மிஞ்சுவது மூன்று சந்துகள். 15 இருப்பது 2425இல், வீட்டிலேயே பலமான சொந்த ரவுட்டரின் விளிம்புக்கு மூன்று மெகா ஹேர்ட்ஸ் தள்ளி, அது வேண்டாம். 20, இடப்பக்க வீட்டின் சேனல் 6 முடியும் இடத்திலிருந்து மூன்று தள்ளி. 25, எதிர் வீட்டின் சேனல் 11 முடியும் இடத்திலிருந்து மூன்று தள்ளி. இரண்டும் ஒரே இடைவெளி. ஆனால் எதிர் வீட்டின் பலம் மிகக் குறைவு, சொந்த ரவுட்டரும் 25க்குத்தான் ஆகத் தூரம். ஆகவே 25. யாராவது வைஃபை 13 வைத்திருந்தால் அது 2482 வரை நீண்டு 25ஐ மூடிவிடும். அப்படியொன்று பலமாகத் தெரிந்திருந்தால் 20ஐ எடுத்திருக்க வேண்டும்.

வரிசையை மாற்றாதீர்கள். முதல் நாள் இடத்தை மட்டும் மாற்றுங்கள். கணினியை லான் கேபிளில் மாடிப்படி அடிக்குக் கொண்டுபோய், ஒன்றரை மீற்றர் கேபிளின் முனையில் டொங்கிளை ஆள் உயரத்துக்குச் சற்று மேலே சுவரில் பொருத்தினால், ரவுட்டரிலிருந்து 4 மீற்றர் கிடைக்கிறது. அன்ரெனா நேராக நிற்கட்டும். அதன் அலை ஓர் உளுந்து வடை வடிவில் பரவும். அன்ரெனா வடையின் துளைக்குள் குத்திய ஈர்க்கு. பக்கவாட்டில் நன்றாகப் போகும், நேர் மேலேயும் கீழேயும் துளை. இரும்பு அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, தகரம் இவற்றுக்குப் பின்னால் ஒளிக்க வேண்டாம்.

இரண்டு நாள் விட்டுப் பதிவேட்டை எண்ணுங்கள். எண்ணிக்கை இறங்கியிருக்கும். அதன் பிறகு ரவுட்டரின் அகலத்தையும் சேனலையும் நிலைப்படுத்துங்கள். கடைசியாக ஜிக்பீ சேனல். `Zigbee2MQTT`யின் `data` கோப்புறையை அப்படியே ஒரு பிரதி எடுத்துவிட்டு, `configuration.yaml` கோப்பில் இதை மாற்றித் திரும்பத் தொடக்குங்கள்:

```yaml
advanced:
  channel: 25
```

புதிய பதிப்புகள் "சேனல் மாறுகிறது" என்று வலை முழுவதற்கும் அறிவித்துவிட்டுத்தான் மாறும். கறண்டில் ஓடும் பிளக்குகள் பின்தொடரும். பற்றரிச் சென்சர்கள் பெரும்பாலும் உறக்கத்தில் இருப்பதால் அந்த அறிவிப்பைத் தவறவிடலாம். கதவைத் திறந்து மூடியோ, சென்சரின் பட்டனை ஒருதரம் அழுத்தியோ எழுப்பி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அதன் பிறகும் வராததை மட்டும், பட்டியலிலிருந்து அழிக்காமல், மறுபடி இணைத்தால் பெயரும் அமைப்பும் அப்படியே திரும்பும். பழைய பதிப்பில் எல்லாவற்றையும் மறுபடி இணைக்க நேரும். முதலில் பதிப்பைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

படுவான்கரைப் பக்கம் பெரிய வளவுக்குள் தனித்து நிற்கும் வீடென்றால் கணக்கு இன்னும் எளிது. அக்கம்பக்க வைஃபை எட்டாது. தொல்லை முழுக்கச் சொந்த ரவுட்டரும் யுஎஸ்பி 3உம்தான். அங்கே ரவுட்டரை 1இல் வைத்து ஜிக்பீயை 20இலோ 25இலோ வைத்தால் போதும், நேரம் முழுவதையும் இடம் தேடுவதில் செலவழிக்கலாம்.

காத்தான்குடி வீட்டுக்குத் திரும்பினால், இவ்வளவுக்குப் பிறகும் டாங்கிச் சென்சர் அடிக்கடி மறையும். அது வைஃபையின் வேலை இல்லை. இரும்புக் கம்பி பின்னிய இரண்டு கொங்கிறீற் தட்டுகள் இடையில் இருக்கின்றன. அத்தோடு அது ஏறக்குறைய டொங்கிளுக்கு நேர் மேலே, வடைத் துளையில். மேல்மாடியில் படிக்கட்டு முடியும் இடத்தில், மொட்டைமாடிக் கதவுக்கு அருகே ஒரு ஸ்மார்ட் பிளக்கை வையுங்கள். படிக்கட்டின் திறப்பு வழியே கீழும் மேலும் அதற்குத் தொடர்பு கிடைக்கும். பிறகு சென்சரை டாங்கியடியிலேயே வைத்து, அந்த பிளக்கின் வழியாக இணையுமாறு தேர்ந்து மறுபடி இணைக்க வேண்டும். பற்றரிச் சென்சர்கள் பழைய வழியையே பிடித்துக்கொண்டிருக்கும், அருகில் நல்லது வந்தாலும் தாமாக மாறத் தாமதிக்கும்.

அந்த பிளக் இருக்கும் சுவர்த் துவாரத்தின் சுவிட்சின்மேல் ஒரு துண்டு ரேப் ஒட்டி "நிறுத்த வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். நம் வீடுகளில் ஒவ்வொரு பிளக் துவாரத்துக்கும் சுவிட்ச் உண்டு, இடி மின்னல் தொடங்கியதும் எல்லாவற்றையும் நிறுத்துவதும் வழக்கம். மின்னலுக்கு நிறுத்துவது சரிதான், ஆனால் மழை விட்டதும் முதலில் போடவேண்டியது இதை. அது நிறுத்தப்பட்டிருக்கும்வரை டாங்கிச் சென்சருக்கு வழி இல்லை. இதை மறந்துவிட்டு மறுநாள் காலை சேனலைத் திரும்ப மாற்ற உட்கார வேண்டாம்.